யாருக்கும் இடையூறில்லாத விடுப்பு

காலையில் பாத்திரம் துலக்குவது அவருடைய வேலை. கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கை கொப்புளித்திருந்தபோது தொட்டிப் பக்கம் போனவர், புண் ஆறிய பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குழாய்த் தண்ணீர் சன்னமாக விழும். நுரைக்குள் கை தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் அவருக்கு வாசகங்கள் வரும்.

அன்றைக்கும் வந்தது. ‘இடைப்பட்ட இரு நாட்களில்’ என்று ஆரம்பித்தது. குக்கர் மூடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். மூடியின் பளபளப்பில் சமையலறை ஜன்னல் வளைந்து தெரிந்தது. ஜன்னலுக்குள் ஒரு துண்டு வானம். ரயில் ஜன்னலிலும் வானம் இப்படித்தான் துண்டாக வரும், ஆனால் கூடவே ஓடும்.

படுக்கையறையிலிருந்து தும்மல் சத்தம் கேட்டது. மனைவி பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, லீவு போட்டாச்சா?”

“போட்டாச்சு போட்டாச்சு. இன்னிக்கு அனுப்பிடுவேன்.”

“அனுப்பினாத்தானே போட்டதா அர்த்தம்?”

அவர் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டார்.

இந்த வருஷம் நாட்காட்டி கொஞ்சம் கருணை காட்டியிருந்தது. பண்டிகை செவ்வாய்க்கிழமை வந்தது. அதே வாரம் வெள்ளிக்கிழமை இன்னொரு அரசு விடுமுறை. நடுவில் புதனும் வியாழனும் மட்டும் வேலை நாள். அந்த இரண்டையும் விடுப்பாக வாங்கிவிட்டால் செவ்வாயில் ஆரம்பித்து ஞாயிறு வரை நீளமாக ஒரு பாலம் விழும். மனைவியின் ஊர் ஓர் இரவும் அரைப் பகலும் தள்ளி இருக்கிறது. ஒற்றை விடுமுறைக்குப் போனால் காலைக் கழுவிக்கொண்டு அப்படியே திரும்ப வேண்டியதுதான். பாலம் இருந்தால்தான் ஊர்.

அந்த ஊரில் இந்தப் பண்டிகைக்கு அக்கா தங்கைகள் நாலு பேரும் ஒன்றுசேர்கிறார்கள். கடைசித் தங்கையின் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு நாள் வாய்க்கவே இல்லை. ஒருத்தி வந்தால் ஒருத்தி வர மாட்டாள். பெரும்பாலும் வராதவள் இவர் மனைவியாகத்தான் இருப்பாள், காரணம் இவர். ஆபீஸில் ஆள் இல்லை என்பார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். போன முறை அக்கா போனில், “உன் வீட்டுக்காரர் இல்லேன்னா அந்தக் கம்பெனியே கவுந்துடுமாடி?” என்று கேட்டாள். இவள் சிரித்து வைத்தாள். இந்த முறை தன் கைப்பட இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு, “திங்கட்கிழமை சாயங்கால வண்டி” என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

அவர் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில். வெண்ணெய், உறைந்த காய்கறி, ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே பெரிய பெரிய அறைகளில் தூங்கும். கதவு திறக்கும்போதெல்லாம் வெண்புகை தரையோடு ஊர்ந்து வெளியே வரும். வண்டிகள் பீப் பீப் என்று பின்னால் நகர்ந்து அந்தப் புகைக்குள் புதையும். மாடியில், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால், எந்த வண்டி எந்தக் கடைகளுக்கு எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவுசெய்கிற மேஜையில் நாலு பேர். அவர் அதில் மூத்தவர். பக்கத்தில் ரூட் அக்கா. ஊரில் எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடைக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வதால் அந்தப் பெயர். எதிரே தாடி என்று அழைக்கப்படும் இளைஞன். ஓரத்தில், போன மாதம் கல்யாணமாகி வந்ததால் புதுப்பொண்ணு ஆகிவிட்ட இன்னொருத்தி.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. டிராஃப்ட் சார்.

விடுப்பு வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். விஷயத்தை வாயால் சொல்வார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். பிறகு எழுதிக் கொடுப்பார். மச்சான் வீட்டு விசேஷம், பல்வலி, சும்மா படுத்துத் தூங்க ஒரு நாள் என்று எதுவாக இருந்தாலும் அவர் கையில் பட்டால் ஒரு கௌரவம் வந்துவிடும். ஒருத்தர் கேட்பது இன்னொருத்தர் கேட்டதோடு முட்டிக்கொள்ளாமல், நாளை இப்படி நகர்த்தி, வேலையை அப்படி மாற்றி, ஆற்று நீர் பாறையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல எழுதுவார். “சார் எழுதினா லீவு கேக்குற மாதிரியே இருக்காது. கம்பெனிக்கு ஏதோ உபகாரம் பண்ற மாதிரி இருக்கும்” என்பான் தாடி.

முட்டல் வருவதற்குக் காரணம் இருந்தது. மேஜையில் எந்த வேலை நாளிலும் இரண்டு பேராவது உட்கார வேண்டும். ஒருத்தர் வழிப் பட்டியல் போட, இன்னொருத்தர் ஓட்டுநர்களின் போனை எடுக்க. பண்டிகை முடிந்த மறுநாள் கடைகளில் சரக்கு வழித்துத் துடைத்திருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஆகவே ஒரு நாளில் இரண்டு பேருக்குமேல் விடுப்பு கிடையாது. திங்களையும் சேர்த்துக் கேட்கலாமே என்றால் அதிலும் கண்ணி இருந்தது. விடுமுறைக்கு முன்னும் பின்னும் விடுப்பு எடுத்தால் நடுவில் இருக்கும் விடுமுறையும் விடுப்பாகக் கழிந்துவிடும். திங்கள் வேலைக்கு வந்துவிட்டு, புதனையும் வியாழனையும் மட்டும் எடுத்தால் தப்பிக்கலாம். இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதும் அவர்தான்.

அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் தன் விண்ணப்பத்தைக் கணினியில் திறந்தார். அடுத்தவர்களுக்கு என்றால் இந்நேரம் முடிந்திருக்கும். தனக்கு என்று வந்ததும் வார்த்தைகள் கூச்சப்பட்டு ஓரமாக நின்றன. கீழே ஒரு கதவு திறந்து, புகை வெயிலுக்குள் நடந்து, கரைந்தது. அவருக்கு ரயிலின் மேல் படுக்கை நினைவுக்கு வந்தது. அதில் படுத்துக்கொண்டு, கீழே மனைவி யாரோ முன்பின் தெரியாத பெண்ணோடு பேசிக்கொண்டு வருவதைக் கேட்பது. பேச்சு புரியாது, குரல் மட்டும் ஆடிக்கொண்டே வரும். அலாரம் வைக்காமல் தூங்குவது. எந்த ஊர் என்று தெரியாத ஸ்டேஷனில் விழிப்பது. அங்கே யாரோ ஒருவர் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார். அவரைத் தெரியாது, அவர் வண்டிக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை.

எழுதினார்.

‘பண்டிகை விடுமுறைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறைக்கும் இடைப்பட்ட இரு நாட்களில், குழுவில் வேறு எவருக்கும் தேவை எழாத பட்சத்தில், வேலைக்கு இடையூறு இல்லாதிருப்பின், எனக்கு விடுப்பு அளிக்க இயலுமாயின் நன்றியுடையவனாவேன். எவருக்கேனும் தேவை எழுந்தால் மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.’

படித்துப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லை. யாருடைய தோளிலும் உரசாமல் கூட்டத்துக்குள் போய் வருகிற மாதிரி இருந்தது. திருப்தியோடு அனுப்பினார். குழு நாட்காட்டியில் விடுமுறைகளின் இரண்டு சிவப்புக் கட்டங்களுக்கு நடுவே அவர் பெயருக்கு நேராக இரண்டு கட்டங்கள் வெளிறிய மஞ்சளாயின. மேலதிகாரி மேடம் அனுமதித்தால் பச்சை ஆகும். இரண்டு சுவர்களுக்கு நடுவே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல இருந்தது. சாயங்காலம் வரை அதை அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். தாடியின் ஊர் பக்கம்தான், பஸ்ஸில் போய்விடலாம், அவனுக்குப் புதன்கிழமை போதும். புதுப்பொண்ணுக்கு மாமியார் வீட்டுக்குப் போக வியாழக்கிழமை வேண்டும். இருவரும் முதலில் இரண்டு நாளுமே கேட்கத்தான் இருந்தார்கள். அவர்தான் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆள் இடத்தை அடைத்துக்கொள்கிற மாதிரி கோர்த்தார். இரண்டும் மறுநாளே பச்சையாகின; நிபந்தனை போட்டிருந்த அவருடையது மட்டும் மஞ்சளாகவே இருந்தது. இனி முழுப் பாலம் ஒருத்தருக்குத்தான் பாக்கி. அது தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ரூட் அக்காவுக்குப் பண்டிகைக்கு எங்கேயும் போகிற வழக்கம் இல்லை.

அக்கா இரண்டு நாள் கழித்து, டீ டம்ளரோடு அவர் நாற்காலி அருகே வந்தார். மகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் சொந்த ஊருக்கு வருகிறானாம். பேரனை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“உங்க பேரு மஞ்சளா இருக்கு, பாத்தேன் சார். முதல்ல மனசு விட்டுப்போச்சு. அப்புறம் தொட்டுப் படிச்சேன். வேற யாருக்கும் தேவை இல்லேன்னா மட்டும்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா.”

“எனக்குத் தேவை இருக்கு சார்.”

அதில் ஒரு சூதும் இல்லை. கதவில் ‘உள்ளே வரலாம்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உள்ளே வந்தவரின் முகம். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மனைவி பெட்டியைத் தட்டித் தும்மியது ஞாபகம் வந்தது. ஆனால் அதை எந்த இடத்தில் வைத்துச் சொல்வது என்று தெரியவில்லை.

“கேளுங்க. அதுக்கென்ன,” என்றார். “மேடம்தானே முடிவு பண்ணணும்.”

“எழுதித் தாங்க சார். எனக்கு எழுத வந்தா நான் ஏன் வண்டிக்கு வழி சொல்லிட்டிருக்கேன்?”

கொஞ்சம் தளர்வாக எழுதலாம் என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. ஒரு ‘இயலுமாயின்’, ஒரு ‘கூடுமானால்’ போதும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் நல்ல தையற்காரன் வேண்டாதவனின் சட்டையைத் தைத்தாலும் அளவு தப்பாது. கை தன் போக்கில் எழுதியது. ‘புதன், வியாழன் இரு நாட்களும் விடுப்பு வேண்டும். என் பேரனை முதல்முறையாகப் பார்க்கச் செல்கிறேன். இரு நாட்களுக்கான வழிப் பட்டியலையும் திங்கள் மாலைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன்.’ விடுப்பு நாட்களில் பொறுப்பை ஏற்பவர் யார் என்று கேட்கிற இடத்தில் நின்றார். தாடி புதன் இல்லை. புதுப்பொண்ணு வியாழன் இல்லை. இரண்டு நாளும் இருக்கக்கூடிய ஆள் என்று எஞ்சியது ஒரே பெயர். அந்தப் பெயரை நிரப்பினார். நிரப்பும்போது அது வேறு யாருடைய பெயரோ போலத்தான் இருந்தது.

முதலில் கேட்டது நான், மேடத்துக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். மனைவி அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். தன் அக்கா வீட்டுக்கு என்று எடுத்துவைத்த பைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பேரன் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேடம் கூப்பிட்டார். மேடம் அவரைவிட வயதில் சின்னவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். திரையில் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்.

“ரெண்டும் உங்க கைன்னு தெரியுது சார். ஒண்ணுல போறேன்னு இருக்கு. இன்னொண்ணுல போகலாமான்னுகூட இல்ல, போகாட்டியும் பரவாயில்லன்னு இருக்கு. அவங்களுக்குப் பொறுப்பு யாருன்னு பாத்தா, அங்கயும் நீங்க.”

அவர் புன்னகைத்தார். வாத்தியாரிடம் விடைத்தாள் வாங்குகிற பையன் மாதிரி நின்றார்.

“முதல்ல கேட்டது நீங்க. நியாயம் உங்க பக்கம். உங்களுக்குப் போகணும்னா சொல்லுங்க, நான் அவங்ககிட்ட பேசுறேன். எனக்கு மனசுல இருக்கறது தெரியணும், வாசகம் வேண்டாம்.”

சன்னலுக்கு வெளியே ஒரு வண்டி புகைக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலை மட்டும் மேகத்துக்கு மேல் மிதந்தது. புகைக்கு அந்தப் பக்கம் ரயில் நிற்கிறது என்றும், இந்த அறையிலிருந்து இறங்கி நேராக நடந்தால் ஏறிவிடலாம் என்றும் அவருக்குத் தோன்றியது. மேல் படுக்கை காலியாக இருக்கிறது. கீழே பேச்சுக் குரல் ஆடுகிறது. போகணும் மேடம். இரண்டே சொல். நாக்கின் நுனிக்கு வந்து, சாலை கடக்கப் பயந்த குழந்தைபோல அங்கேயே நின்றது. கண்ணாடிக்கு அப்பால் ரூட் அக்கா போனில் யாருக்கோ கையை விரித்து அளவு காட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் உயரமாக இருக்கலாம்.

“நீங்களே பாத்துச் செய்யுங்க மேடம்,” என்றார்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். இன்னும் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு தலையசைத்தார். அவர் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது அக்காவின் பெயருக்கு நேரே பச்சை விழுந்திருந்தது. அவருடைய மஞ்சள் காணவில்லை. அந்த இரண்டு கட்டங்களும் எப்போதும் இருந்ததுபோல வெள்ளையாக இருந்தன. அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கணும் சார் என்றார். நல்லாயிருந்தது. அந்த நிமிஷம் உண்மையிலேயே அவருக்கு நல்லாயிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் வீட்டில் அடுக்கியிருந்த பெட்டி நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வீட்டில் அவர் விஷயத்தைச் சொன்ன விதமும் ஒரு வாசகமாகவே இருந்தது. சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது, ரூட் அக்காவுக்குப் பேரன், மேடத்தின் முடிவு. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துச் சில பதில்களை வைத்திருந்தார். அவள் கையை நீட்டினாள்.

“நீங்க என்ன எழுதினீங்கன்னு காட்டுங்க.”

போனைக் கொடுத்தார். அவள் மெதுவாகப் படித்தாள். உதடுகூட அசைந்தது. முடித்துவிட்டு மறுபடியும் மேலே போய்ப் படித்தாள்.

“எந்த ஊருக்குன்னு இல்ல. எங்க அக்கா இல்ல. நான் இல்ல. எல்லாருக்கும் இடைஞ்சல் இல்லாம எழுதியிருக்கீங்க.”

“அப்படி எழுதறதுதான்மா முறை.”

“ரூட் அக்காவுக்கும் நீங்கதானே எழுதிக் கொடுத்திருப்பீங்க? அதுல பேரன் இருக்கானா?”

அவர் தலையை ஆட்டினார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கான்னு. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. உங்களுக்கெல்லாம் சம்மதம்னா எனக்கு ஆட்சேபம் இல்லீங்க. அதைக் கேட்டு வீடே மெச்சிக்கொண்டது, எவ்வளவு அடக்கமான பையன் என்று. கதவுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி மட்டும், பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தலையில் பூ வைத்துக்கொண்டாள். அதை அவள் பிறகு சிரிப்பாகப் பலமுறை சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். தன் போனை எடுத்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து சில இடங்களில் தொட்டாள். “உங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்,” என்றாள், அடுப்பை அணைத்துவிட்டேன் என்பதுபோல.

பிறகு பெட்டியைத் திறந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாமல் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தாள். காலியான இடத்தில் தன் புடவைகளைப் பரப்பினாள். பெட்டி இன்னும் நிரம்பவில்லை. சுவரோரம் இருந்த பைகளில் இரண்டை உள்ளே வைத்து அழுத்தினாள். மூடி எளிதாக மூடிக்கொண்டது. ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து, அறையை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனது.

அவர் நாற்காலிப் பக்கம் நின்றிருந்தார். அவருக்குள் ஒரு வழி தெரிந்தது. தெரு அடைத்திருந்தால் வண்டியை வேறு பக்கம் திருப்புவதுதானே அவர் வேலை. வியாழன் சாயங்காலம் வேலை முடித்து நேராக ஸ்டேஷனுக்குப் போனால் வெள்ளி மத்தியானம் ஊர். சனிக்கிழமை எல்லோரும் இருப்பார்கள். யாரிடமும் கேட்க வேண்டாம், எந்தக் கட்டமும் நிறம் மாற வேண்டாம். யாரோடும் முட்டல் இல்லை. நாலு சகோதரிகளும் உட்கார்ந்து பேசுகிற கூடத்துக்குள் அவர் கையில் பையோடு நுழைவது கண்ணுக்குத் தெரிந்தது. யாரோ நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

“நான் வேணா வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பி வந்துடவா?” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தார். “உங்க எல்லாருக்கும் சிரமம் இல்லேன்னா.”

மனைவி பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினாள். நாற்காலியில் இருந்த சட்டைகளில் மேலாக இருந்ததன் காலரை விரலால் ஒரு முறை நீவிவிட்டாள். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் சற்றுக் குனிந்தார். அவள் மடித்த துண்டுகளை இரண்டு கையாலும் வாரியெடுத்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி அறையை விட்டு வெளியே போனாள்.